தேய்ந்த லாரி டயரை யாருக்குக் கொடுப்பது?

போன ஆவணி மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்று லாரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர் குவிந்து கிடக்கிறது, ஒரு வியாபாரி வந்து மொத்தமாகக் கிலோ 16 ரூபாய்க்குக் கேட்கிறார் என்றார். "கொடுத்துரலாமா தம்பி? நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லு."

நான் நாமக்கல்லில் ஒரு ரீட்ரேடிங் பட்டறையில் பதினொரு வருஷம் டயர் பார்த்தவன். லாரியிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் டயருக்கு மறுபடி பட்டன், அதாவது தரையில் உரசும் மேல் ரப்பர், போடலாமா, கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை. கூடாது என்று ஒதுக்கிய டயர்கள் எங்கே போகின்றன என்று பல வருஷம் நான் கேட்டதே இல்லை. வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஒருமுறை வேறு வேலையாகப் போன இடத்தில், எங்கள் பட்டறையின் சுண்ணாம்புக் குறி போட்ட டயர்களை, டயரிலிருந்து எண்ணெய் காய்ச்சும் ஒரு கொட்டகையின் வாசலில் பார்த்தேன். பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு ஓடியது. அன்றிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தேன்.

அண்ணன் ஷெட்டில் எண்ணிப் பார்த்தால் 30 டயர். எஃகுக் கம்பி வைத்த ரேடியல் 18, நைலான் துணி வைத்தவை 12. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு டயரைச் சாய்த்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீரில் கொசுப் புழுக்கள் துள்ளின. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான தொட்டில் கிடையாது. நிழல், வெதுவெதுப்பு, எந்தப் பக்கம் உருட்டினாலும் வெளியேறாத கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே முதல் வேலையாக எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, கூரைக்குள் உருட்டினோம். கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பது அதற்கப்புறம்தான்.

வழிகள் என்னென்ன என்று பார்த்தால், மேலே புதுப் பட்டன் போட்டு மறுபடி ஓட்டலாம். பொடியாக்கவோ, பொடியை மறுபடி ரப்பராக்கவோ கொடுக்கலாம். சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகலாம். எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குப் போகலாம். வியாபாரியின் 16 ரூபாய் இதில் எதற்கும் பொருந்தும். அவர் எங்கே கொண்டுபோகிறார் என்பது அந்த விலையில் தெரியாது.

எதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். டயர் ரப்பர் உருகாது. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வேறு குடம் வார்ப்பதுபோல் டயரை உருக்கி வேறு டயர் வார்க்க முடியாது. பச்சை ரப்பரோடு கந்தகம் கலந்து சூடேற்றும்போது, நூல் நூலாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையில் கந்தகம் பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும் பொருளாக இருந்த ரப்பர், சக்கரத்துக்கு ஆனது அதனால்தான். ஆனால் தோசையாகச் சுட்டபிறகு அதை மறுபடி மாவாக்க முடியாது. பிய்த்து உப்புமா செய்யலாம், அவ்வளவுதான். டயரும் அப்படித்தான். அதனால் அதன் வடிவம் நன்றாக இருக்கும்வரை வடிவத்தோடு பயன்படுத்துவதுதான் அதிலிருந்து கிடைக்கும் பெரிய லாபம். வடிவத்தைக் கலைத்த பிறகு கிடைப்பதெல்லாம் அதைவிடக் கீழான சரக்குதான்.

முதலில் கேசிங்கைப் பாருங்கள்

ஒரு 10.00 இருபது அளவு லாரி டயரில் தரையோடு உரசித் தேய்வது மேல்பட்டன் மட்டும். ஏறக்குறைய 10 கிலோ ரப்பர். கம்பி, துணி, பக்கச் சுவர், ரிம்மைப் பிடிக்கும் விளிம்பான பீடு என்று மீதி 45 கிலோ உடம்பு அப்படியே இருக்கிறது. அதைத்தான் நாங்கள் கேசிங் என்போம். புது டயரின் விலையில் பெரும்பங்கு அந்தக் கேசிங்குக்குப் போனது. அதைக் கிலோ 16க்குப் போட்டால் கையில் கிடைப்பது 720 ரூபாய்.

ரீட்ரேடிங் என்றாலே ரோட்டில் தோல் உரிந்து கிடக்கும் பட்டன்தான் பலருக்கு ஞாபகம் வரும். அப்படிக் கிடப்பதில் நிறைய, காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறிப் பிய்ந்த டயர்கள். புது டயரும் அப்படிப் பிய்யும். நல்ல கேசிங்கில் ஒழுங்காக ஒட்டிய பட்டன் பிரியாது. நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களே டயர் புதுப்பிக்கும் பிரிவுகள் வைத்துப் பேருந்துகளுக்கு ரீட்ரேடு போட்டு ஓட்டுகின்றன. ஒன்று மட்டும் பட்டறைகளில் எல்லோரும் சொல்வோம்: முன் சக்கரத்தில் போடாதீர்கள், பின் அச்சில் போடுங்கள்.

ஆகவே எல்லாமே கேசிங் தேர்வில்தான் இருக்கிறது. அண்ணனுடைய 18 ரேடியலையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, விரித்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவரில் கையை வைத்து ஒரு சுற்றுத் தடவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த கம்பி நுனி விரலைக் கிழித்துவிடும். நல்ல டயரின் உள்சுவர் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். பக்கச் சுவருக்கு உட்புறமாக வளையம்போல் ஒரு கோடு, சுருக்கம், அல்லது ரப்பர் தூள் தட்டுப்பட்டால், அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே கம்பிகள் மடங்கி மடங்கிச் சோர்ந்திருக்கும். மறுபடி காற்று ஏற்றும்போது ஜிப்பைத் திறந்ததுபோல் பக்கச் சுவர் நீளமாகக் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் உயிர் தப்புவது கஷ்டம். அப்படி இரண்டு டயர் இருந்தன. அவற்றின் மேல் பெருக்கல் குறி போட்டேன்.

ஆணி குத்திய துளைகளில் ஊசிக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். நுனியில் துரு ஒட்டி வந்தால் தண்ணீர் உள்ளே எஃகுக் கம்பிவரை போயிருக்கிறது. துரு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது மேல் ரப்பரைச் சுரண்டினால்தான் தெரியும். கொஞ்சம் என்றால் வெட்டியெடுத்து ஒட்டுப் போடலாம். பட்டனுக்கு அடியில் இருக்கும் எஃகு பெல்ட் பிரிந்திருந்தால் சுத்தியலால் தட்டும்போது தெரியும். நல்ல இடத்தில் 'டண்' என்று இறுக்கமாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். அப்படி ஒன்று. சாலையோரக் கடையில் லீவர் போட்டு நெம்பியதில் பீடு கிழிந்தது ஒன்று. பக்கச் சுவரில் ஆழமாக வெட்டுப்பட்டவை மூன்று.

மீதி நான்குதான் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அவற்றில் எந்தக் குறையும் இல்லை, கடைசி மாதம்வரை ஓட்டியதைத் தவிர. பட்டன் முழுக்கத் தேய்ந்து, எஃகு பெல்ட்டின் கம்பி வெளியே பளபளத்தது. பட்டனின் பள்ளம் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றியிருந்தால் நான்கும் ரீட்ரேடுக்குப் போயிருக்கும். "இன்னும் ரெண்டு ட்ரிப் ஓடட்டும்னு டிரைவர் சொன்னாப்ல" என்றார் அண்ணன். அந்த இரண்டு ட்ரிப்புக்கு நான்கு கேசிங் போயிற்று.

18இல் தேறியது 7. நைலான் 12உம் தேறவில்லை. எல்லாம் ஏற்கெனவே பட்டன் போட்டு ஓடியவை, சிலவற்றில் துணி தெரிந்தது.

அந்த ஏழின் கணக்கைப் பார்ப்போம். அன்றைக்கு எங்கள் பக்கம் புது ரேடியல் ஒன்று 22,000 ரூபாய், நல்ல பட்டனில் ரீட்ரேடு போட 6,500. ஒழுங்காகப் போட்ட ரீட்ரேடு, புதுசு ஓடும் தூரத்தில் முக்கால் பங்காவது ஓடும் என்பது என் அனுபவம். அப்படியென்றால் ஏழு டயரும் சேர்ந்து 1,15,500 ரூபாய்க்கான ஓட்டத்தைத் தரும். செலவு 45,500. வியாபாரியின் கிலோ 16 ரூபாய்க்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் 5,040 ரூபாயையும் கழித்தால் 65,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய மிச்சம். வியாபாரி முப்பதுக்கும் சேர்த்துத் தருவதாகச் சொன்ன மொத்தமே 21,000தான்.

பட்டறையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரப்பர் மறுபடி ரப்பராகவே வாழும் இடம் அதுதான். கேசிங்கைச் சுழலவிட்டு, பல் வைத்த ராஸ்ப்பால் பழைய பட்டனின் மிச்சத்தைச் சீவுவார்கள். சீவிய பரப்பு கரடுமுரடாக, கையில் தடவினால் முரட்டு வெல்வெட் போல இருக்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் ஒட்டாது, கருகியிருந்தாலும் ஒட்டாது. காயங்களைத் துருவி நிரப்பி, ரப்பர் சிமெண்ட் அடித்து, இன்னும் வேகாத மெல்லிய ரப்பர் பட்டையான குஷன் கம் சுற்றி, அதன்மேல் ஏற்கெனவே பூ அடித்து வெந்த பட்டன் பட்டையை ஒட்டுவார்கள். அப்புறம் ரப்பர் உறை மாட்டிச் சேம்பருக்குள் ஏற்றி, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், அழுத்தத்தில் மூன்று நான்கு மணி நேரம். இடையில் இருக்கும் அந்த மெல்லிய குஷன் கம்தான் வேகிறது. வெந்து இரண்டு பக்கத்தையும் கந்தகப் பாலத்தால் கட்டுகிறது. சீவியபோது விழுந்த ரப்பர் துருவல் வீணாகாது. கம்பியும் துணியும் கலக்காத சுத்தமான சரக்கு என்பதால் பொடி ஆலைக்காரர்கள் அதைத் தனியாக விலை கொடுத்து வாங்குவார்கள்.

மிஞ்சிய ஒரு டன்

11 ரேடியல், 12 நைலான். எடை போட்டால் ஏறக்குறைய ஒரு டன். இதை எங்கே அனுப்புவது என்பதுதான் அண்ணனின் உண்மையான கேள்வி. மூன்று வழியிலும் இந்த ஒரு டன் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பொடி ஆலையில் முதலில் பீடுக் கம்பியை இழுத்து எடுப்பார்கள். பிறகு துண்டு போடும் எந்திரம், அப்புறம் அரைக்கும் எந்திரம். வழி நெடுகக் காந்தம் எஃகைப் பிடிக்கும், காற்று உறிஞ்சி நைலான் பஞ்சைப் பிரிக்கும், கடைசியில் சல்லடை. 30 மெஷ், 40 மெஷ் என்பது சல்லடையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கு. எண் கூடக்கூடப் பொடி நைசு. அண்ணனின் ஒரு டன்னில் ரேடியலின் எஃகு, பீடுக் கம்பி, நைலான் பஞ்சு எல்லாம் கழிந்து, முக்கால் டன் போலப் பொடி வரும். எஃகு தனியாக உருக்காலைக்குப் போகும். பஞ்சுதான் தலைவலி, அதற்குப் பெரிய கிராக்கி இல்லை.

பொடிக்கு இரண்டு பெரிய வாழ்க்கை. ஒன்று சாலை. சூடான தாரில் பொடியைக் கலந்து செய்வது சி.ஆர்.எம்.பி. எனப்படும் ரப்பர்த் தார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் 1960களில் தொடங்கி வைத்தது. வெயிலில் இளகாமலும் விரிசல் விடாமலும் தாருக்கு ஒரு இழுவை கிடைக்கிறது. நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 17079 என்று தனித் தரமே இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றே முக்கால் மீட்டர் அகலமுள்ள ஊர்ச் சாலைக்கு 30 மில்லிமீட்டர் கனத்தில் மேல்தளம் போட, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 டன் தார் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு பொடி என்றால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அண்ணனுடைய ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது, அவர் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் சாலைக்குப் போதும்.

இதில் எது கெடும் என்றால், பொடி தாரில் கரைவதில்லை. தாரின் எண்ணெயைக் குடித்து ஊறுகிறது. கலக்கிக்கொண்டே இருக்காமல் டாங்கில் விட்டுவைத்தால் அடியில் படியும். மேலே எடுக்கும் தார் வெறும் தாராகவும், அடியில் வருவது கட்டியாகவும் இருக்கும். நல்ல பொடியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை மேலே ஓட்டினால் போதும். காந்தத்தில் மயிர்போலக் கம்பி ஒட்டினாலோ, காகிதத்தில் பஞ்சு உருண்டாலோ சரியாகப் பிரிக்காத சரக்கு.

விளையாட்டுத் திடலில் புல் நடுவே தூவவும் இந்தப் பொடி போகிறது. அதை நான் முன்வரிசையில் வைக்க மாட்டேன். பொடி செருப்போடும் மழைத் தண்ணீரோடும் வெளியேறுகிறது என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் தடையில் இதையும் சேர்த்து, 2031 அக்டோபர்வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. தாரில் கட்டுண்ட பொடிக்கும், தரையில் தளர்வாகக் கிடக்கும் பொடிக்கும் இதுதான் வித்தியாசம்.

பொடியின் இன்னொரு வாழ்க்கை ரீக்ளெய்ம் ரப்பர். சுட்ட தோசையை மாவாக்க முடியாது என்றேன். இங்கே பாதி தூரம் முயல்கிறார்கள். பொடியோடு எண்ணெயும் ரசாயனமும் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்னும் சுழலும் அழுத்தக் கொப்பரையில் 180, 200 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் வேகவைத்து, அப்புறம் உருளைகளுக்கு நடுவே மெல்லிசாகத் தேய்த்துத் தாளாக எடுப்பார்கள். கந்தகப் பாலங்கள் உடைகின்றன. ஆனால் கூடவே ரப்பரின் நீளமான இழைகளும் அறுந்துபோகின்றன. அதனால் வருவது ரப்பர்தான் என்றாலும், பலம் குறைந்த ரப்பர். புது லாரி டயரில் இதை நூற்றுக்குச் சில பங்குக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். சைக்கிள் டயர், மிதியடி, மாட்டுக் கொட்டகை விரிப்பு, குழாய் என்று இழுவை குறைவான பொருள்களில் தாராளமாகப் போகும். லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம் என்பதால் ரீக்ளெய்ம் ஆலைக்காரர்கள் கார் டயரைவிட இதைத்தான் விரும்புவார்கள். நைலான் டயரில் எஃகு குறைவு, ரப்பர் அதிகம், கத்திக்கும் சுலபம். அதனால் வியாபாரி ரேடியலுக்கும் நைலானுக்கும் ஒரே விலை சொன்னால், பிரித்து விலை கேளுங்கள்.

சிமெண்ட் ஆலை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே டயர் எரிபொருள்தான். ஒரு கிலோ டயரில் 7,500 கிலோகலோரி போல வெப்பம் இருக்கிறது, நம் ஊர் நிலக்கரியைவிட அதிகம். ஒரு டன் டயர் எரிந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் அப்படிப்பட்ட நிலக்கரி மிச்சம். எரிப்பது என்றதும் போகி அன்று தெருவில் எழும் கரும்புகையை நினைத்துக்கொள்ளக் கூடாது. தெருவில் டயர் அரைகுறைச் சூட்டில், காற்றுப் போதாமல் எரிகிறது. புகையோடு புற்று உண்டாக்கும் பொருள்களும் உருகிய எண்ணெயும் வெளியேறுகின்றன. சிமெண்ட் சூளையின் தீ நாக்கு 2,000 டிகிரியை ஒட்டியது, உள்ளே போகும் கல்மாவு 1,450 டிகிரிவரை சூடாகிறது. அந்தச் சூட்டில் வாயு சில நொடிகள் தங்கும்போது ரப்பர் முழுக்க எரிந்துவிடுகிறது. கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. எஃகுக் கம்பிகூட வீணாவதில்லை. சிமெண்ட்டுக்கு எப்படியும் இரும்பு தேவை, சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டியான கிளிங்கரிலேயே அது கரைந்துவிடுகிறது. சாம்பல் என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரே வரம்பு, டயரில் துத்தநாகம் இருக்கிறது. அளவு மீறிப் போட்டால் சிமெண்ட் இறுகத் தாமதமாகும். அதனால் ஆலைகள் பங்கைக் கட்டுப்படுத்தித்தான் போடும்.

சூளை நல்ல வழிதான். ஆனால் ரப்பரின் கதை அங்கே முடிந்துவிடுகிறது. வேறு எதற்கும் ஆகாத டயருக்கு, வயலில் பல வருஷம் வெயிலில் வெடித்துக் கிடந்ததற்கு, மண்ணும் சேறும் ஏறி அரைக்கும் கத்திக்கு ஆகாததற்கு, அதுதான் சரியான இடம். தவிர, சின்ன லாரிக்காரர் 23 டயரைக் கொண்டுபோய்ச் சிமெண்ட் ஆலை வாசலில் இறக்க முடியாது. அவர்கள் ஒப்பந்தத்தில், டன் கணக்கில் வாங்குகிறவர்கள்.

கடைசியாக எண்ணெய் காய்ச்சுவது. பைராலிசிஸ் என்பார்கள். காற்றுப் புகாத கொப்பரையில் டயரைப் போட்டு 400, 500 டிகிரிவரை சூடாக்கினால் ரப்பர் எரியாமல் ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் கறுப்பு எண்ணெய். அண்ணனின் ஒரு டன்னில் 400 கிலோ போல எண்ணெய், 300 கிலோவுக்கு மேல் கரித்தூள், கம்பி, மீதி எரிவாயு. எண்ணெய் உலைகளுக்கு எரிபொருளாகப் போகும். கரியைச் சுத்தப்படுத்தினால் மறுபடி ரப்பர் தொழிலுக்கே கார்பன் பிளாக்காகப் போகலாம். காகிதத்தில் அழகான வழி. தொடர்ச்சியாக ஓடும், மூடிய அமைப்புள்ள பெரிய ஆலைகள் இதைச் சுத்தமாகவே செய்ய முடியும்.

சிக்கல் தொகுதி தொகுதியாக ஓடும் சின்னக் கொட்டகைகளில் இருக்கிறது. கொப்பரை ஆறுவதற்கு ஒரு நாள் ஆகும். அடுத்த சுமையை ஏற்றும் அவசரத்தில் சூடாக இருக்கும்போதே கதவைத் திறக்கிறார்கள். உள்ளே தங்கிய ஆவியும் சூடான கரியும் காற்றைக் கண்டதும் பற்றுகின்றன. அப்படி வெந்துபோன தொழிலாளிகளின் செய்தி நம் நாட்டில் புதிதல்ல. கரித்தூளை மூட்டை கட்டாமல் மண்வெட்டியால் அள்ளுவார்கள். சுற்று வட்டாரத்தில் துணி காயப்போட முடியாது, மழை பெய்தால் அந்தக் கரி ஓடையில். நான் கால்வாயில் பார்த்தது அதுதான். எண்ணெய்க்காகவும் கரிக்காகவும் வெளிநாட்டிலிருந்து பழைய டயர் இறக்குமதி செய்வதை மத்திய அரசின் 2022 விதிகள் தடுத்துவிட்டன. உள்ளூர் டயர் அங்கே போவதைத் தடுக்க நாம்தான் கேட்க வேண்டும். காரணம் எளிது. அவர்கள் வாங்கும்போது ரேடியலா, நைலானா, சேறு ஒட்டியதா என்று பார்க்க மாட்டார்கள், ரொக்கமாகக் கொடுப்பார்கள். பல நேரம் விலையும் ஒரு ரூபாய் கூடுதல்.

வாங்குகிறவரிடம் என்ன கேட்பது

அந்த 2022 ஜூலை விதிகளின்படி டயர் தயாரிக்கும் கம்பெனிகளும் இறக்குமதி செய்பவர்களும் தங்கள் அளவுக்கு ஏற்ப, பழைய டயரை மறுசுழற்சி செய்தவர்களிடம் சான்று வாங்கியாக வேண்டும். சான்று கொடுக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்த ஆலையால்தான் முடியும். ஆகவே பதிவு செய்த ஆலைக்குச் சரக்கு தேவை, சரக்கின் எடைக்கு ரசீதும் தேவை. இது சின்ன லாரிக்காரருக்குச் சாதகம்.

வியாபாரி வந்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றேன். "ஏனுங்க, இது எந்த ஆலைக்குப் போகுதுங்க?" என்று அண்ணன் கேட்டார். "வெளியூர்ங்க, பார்ட்டி மொத்தமா எடுத்துக்கறாங்க" என்றார் வியாபாரி. ஆலையின் பதிவு எண் கேட்டோம். பில்லில் எடையும், இறக்கும் இடமும் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டோம். அவர் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. 17 தருகிறேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே பதிலாக இருந்தது.

டயரை எப்படிக் கேட்கிறார்கள் என்பதிலும் ஆள் தெரியும். பொடி ஆலைக்குச் சேர்ப்பவர் சேறு, கல், விளிம்பு இரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், நைலானைத் தனியாக அடுக்கச் சொல்வார். கத்தி கெட்டுப்போகுமே என்ற கவலை அவருக்கு உண்டு. எதையும் பார்க்காமல் அள்ளிப் போடுகிறவரிடம்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

இருபத்து மூன்றையும் ஒரு வாரம் வைத்திருந்து, எங்கள் பட்டறைக்குத் துருவல் எடுக்க வரும் பொடி ஆலை வண்டிக்கே கொடுத்தோம். நைலானுக்குக் கிலோ 18, ரேடியலுக்கு 14. நைலான் 504 கிலோ, ரேடியல் 495 கிலோ என்று எடைமேடைச் சீட்டில் வந்தது. மொத்தம் 16,002 ரூபாய். வியாபாரியின் 17 ரூபாயில் இதே சரக்கு 16,983 ஆகியிருக்கும். கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் குறைவுதான், மறைக்கவில்லை. அண்ணனும் அதைக் கேட்டார். ஏழு கேசிங்கில் 65,000 மிச்சம் பிடித்த பிறகு ஆயிரத்தைப் பற்றி வாதாட அவருக்கும் மனமில்லை. அந்தக் கால்வாயைப் பற்றி நான் சொன்னதும் ஒரு காரணம். அவருடைய தோட்டத்துக் கிணறு ஓடைக்கரையில்தான் இருக்கிறது.

ஏற்றும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. நைலான் டயர்களுக்குள் பழைய டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் ஃபிளாப்பும் திணிக்கப்பட்டிருந்தன. அவற்றை உருவித் தனியாக வைக்கச் சொன்னேன். லாரி டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை விடாத அந்த ரப்பருக்குத் தனி ரீக்ளெய்ம் சந்தை உண்டு, விலையும் டயரைவிட அதிகம். டயர்ப் பொடியில் கலந்தால் இரண்டும் கெடும், ஏனென்றால் பியூட்டைல் மற்ற ரப்பரோடு சேர்ந்து வேகாது. வால்வை வெட்டி எடுத்துவிட்டு, மடித்துக் கட்டி வைத்திருக்கிறார். மூட்டை நிறைந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.